மோட்டார் ஓடவில்லை, ஓனருக்கு என்ன சொல்வது?

"சார், தண்ணி வரல."

சென்னைப் புறநகரில் காலை ஆறரை மணிக்கு வாடகை வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனரின் போனுக்குப் போகும் செய்தி பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். ஓனர் திருச்சியில் இருப்பார், அல்லது பேரனைப் பார்க்க பெங்களூரு போயிருப்பார். "என்னாச்சும்மா?" என்பார். "தெரியல சார், மோட்டார் ஓடல." "கரண்ட் இருக்கா?" "இருக்கு சார்." "சரி, ஆள் அனுப்பறேன்." ஆள் வர மதியம் ஆகிவிடும். வருகிறவர் எலக்ட்ரீஷியன். ஸ்டார்ட்டர் பெட்டியில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், பட்டனை இரண்டு முறை அழுத்துவார், "இது உள்ள இருக்கற மோட்டார் கோளாறு. வெளிய தூக்கணும். அதுக்கு போர் வேலை பாக்கறவங்க வரணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார். அதோடு ஒரு பகல் போய்விட்டது. மாடித் தொட்டியில் அடித்தண்ணீர்தான் மிச்சம்.

இப்படி நாள் வீணாகும்போதெல்லாம் குடியிருப்பவர்கள் ஓனரின் கஞ்சத்தனத்தைத்தான் திட்டுவார்கள். சில வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் பல வீடுகளில் தாமதத்துக்குக் காரணம், யாரை அனுப்ப வேண்டும் என்று ஓனருக்குத் தெரியாததுதான். போர் மோட்டார் வேலையில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. தரைக்கு மேலே சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி, கண்டென்சர், வயர் எல்லாம் எலக்ட்ரீஷியன் கையில் உள்ளவை. தரைக்குக் கீழே நூறு, இருநூறு அடியில் தொங்கும் மோட்டார், அதைத் தாங்கும் குழாய், கயிறு, கேபிள் எல்லாம் மோட்டார் இறக்கி ஏற்றும் ஆட்களுக்கு உரியவை. அவர்கள் இரண்டு மூன்று பேராக, முக்காலியும் கப்பியும் கொண்டு வருவார்கள். முதல் வகை ஆள் அரை மணி நேரத்தில் வந்து போவார். இரண்டாவது வகையை முன்கூட்டியே சொல்லிப் பிடிக்க வேண்டும். ஊரெல்லாம் நீர்மட்டம் இறங்கி மோட்டார்கள் காயும் மே மாதத்தில் அவர்கள் கிடைப்பதே அரிது.

ஆகவே ஓனருக்குப் போகும் முதல் செய்தியிலேயே கோளாறு மேலேயா கீழேயா என்று ஊகிக்கும் அளவுக்கு விவரம் இருந்தால், பழுதுபார்ப்பு ஒரு நாள் முன்னதாக நடக்க வாய்ப்பு உண்டு. அந்த விவரத்தைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியின் முகத்தில் இருக்கும் முள்ளைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முள் சொல்வது

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது சப்மெர்சிபிள் மோட்டார். அது போருக்குள் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதால், ஓடுகிறதா, திணறுகிறதா என்று காதால் கேட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் பெட்டியில் இரண்டு மீட்டர் வைத்திருக்கிறார்கள். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது ஆம்பியர் காட்டும். வோல்ட் மீட்டர் மின்சாரம் வந்து சேர்ந்திருக்கிறதா என்று சொல்கிறது. ஆம்பியர் மீட்டர் மோட்டார் அந்த மின்சாரத்தை எவ்வளவு இழுக்கிறது என்று சொல்கிறது. நல்ல நிலையில் உள்ள மோட்டாரைப் போட்டால் ஆம்பியர் முள் ஒரு கணம் வேகமாக மேலே போய், உடனே இறங்கி ஓரிடத்தில் நிற்கும். வீடுகளில் உள்ள 1 எச்.பி. மோட்டாரில் அது ஏழு, எட்டு ஆம்பியர் அளவில் நிற்பது வழக்கம். எண் மோட்டாருக்கு மோட்டார் மாறும். தன் வீட்டு முள் எங்கே நிற்கும் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

கோளாறு வந்த நாளில் முள் நான்கு விதங்களில் ஒன்றாக நடந்துகொள்ளும்.

முதலாவது, முள் மேலே போய் இறங்காமல் அங்கேயே நிற்கும். சில வினாடிகளில் உள்ளே இருக்கும் ஓவர்லோடு 'டக்' என்று மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டார் சுழல முயன்று முடியாமல் நிற்கிறது என்பது இதன் பொருள். கண்டென்சர் பலமிழந்திருக்கலாம், மணல் புகுந்து பம்பு இறுகியிருக்கலாம், காயில் கருகியிருக்கலாம். வோல்ட்டேஜ் மிகவும் இறங்கியிருந்தாலும் இதேபோலத்தான் ஆகும். அதனால் வோல்ட் மீட்டர் என்ன காட்டுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விளக்கு எரியும், வோல்ட் காட்டும், ஆனால் பச்சைப் பட்டனை அழுத்தினால் ஆம்பியர் முள் அசையவே அசையாது. மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பட்டன், ஃபியூஸ், பெட்டிக்குள் ஒரு வயர், கீழே போகும் கேபிள், மோட்டாரின் காயில் என்று வழியில் எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது.

மூன்றாவது, பட்டனைத் தொட்ட மாத்திரத்தில் சுவிட்ச் போர்டில் உள்ள எம்.சி.பி. விழுந்துவிடும். எங்கோ ஷார்ட் ஆகிறது. பழைய போர்களில் மோட்டாருக்கும் கேபிளுக்கும் போட்ட இணைப்பில் டேப் உளுத்துத் தண்ணீர் புகுந்திருப்பது இதற்கு அடிக்கடி காணும் காரணம்.

நான்காவது கொஞ்சம் ஏமாற்றும். முள் வழக்கமான இடத்தில், அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக நிற்கும். மோட்டார் ஓடுகிறது, மாடியில் மட்டும் தண்ணீர் விழாது. போட்டதும் நன்றாக வந்து, சில நிமிடங்களில் காற்றும் தண்ணீருமாகத் துப்பி, பிறகு நின்று, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துப் போட்டால் மறுபடி வந்தால் போரில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு சொட்டும் வரவில்லை என்றால், மோட்டார் ஓடும்போது போரின் வாயருகே குனிந்து காது கொடுத்தால் ஒரு துப்பு கிடைக்கும். உள்ளே மழை பெய்வதுபோல் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டால் குழாயில் ஓட்டை, அல்லது ஜாயிண்ட் விட்டிருக்கிறது. மேலே வரவேண்டிய தண்ணீர் பாதி வழியிலேயே போருக்குள் திரும்ப விழுகிறது.

முதல் மூன்றிலும் எலக்ட்ரீஷியன்தான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் சில நூறு ரூபாயில் முடியும் கோளாறை மேலேயே கண்டுபிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. நான்காவதில் எலக்ட்ரீஷியனுக்கு வேலையே இல்லை. நேராக மோட்டார் தூக்கும் ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பார்ப்பதற்காக ஒரு முறை போடலாம், ஓடவில்லையென்றால் சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை. அதற்குமேல் அழுத்தக் கூடாது. சுழலாத மோட்டாருக்குள் பாயும் மின்சாரம் முழுவதும் சூடாகிக் காயிலைத்தான் எரிக்கும். கண்டென்சர் மாற்றினால் சரியாகியிருக்க வேண்டிய மோட்டாரை, "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று ஆளுக்கு ஐந்து முறை அழுத்தி எரித்த வீடுகள் உண்டு. தண்ணீர் வராமல் வெறுமனே ஓடும் மோட்டாரையும் உடனே நிறுத்திவிட வேண்டும். அதைக் குளிர வைப்பது சுற்றியுள்ள தண்ணீர்தான். பெட்டியைத் திறக்கவே கூடாது. மெயினை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஓனரை எழுப்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள கட்டடங்களில் வீட்டில் விளக்கும் மின்விசிறியும் ஓடுவதை வைத்துக் கரண்ட் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. மோட்டார் இருக்கும் ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம். பெட்டியில் வோல்ட் முள் சுழியத்தில் கிடந்தால், பக்கத்து வீட்டு மோட்டாரும் ஓடவில்லையென்றால், பேச வேண்டிய இடம் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. ஓனரை எழுப்ப வேண்டியதில்லை.

ஒரு வீடு, ஒரு செய்தி

தாம்பரம் பக்கம் மூன்று குடித்தனங்கள் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் பதினொரு பேர். இருநூறு அடி போர், 1 எச்.பி. சப்மெர்சிபிள், மாடியில் 2,000 லிட்டர் தொட்டி. கீழே சம்ப் கிடையாது. போர் தண்ணீர் நேராக மாடிக்கு ஏறுகிறது. ஓனர் திருச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். காலை 6.15-க்கு முதல் மாடிப் பெண் மோட்டார் போடுகிறார். வழக்கமாக 7-இல் நிற்கும் முள், மேலே போய் அங்கேயே நின்று, பத்து வினாடியில் மோட்டார் அணைந்துவிடுகிறது. வோல்ட் 225. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை போட்டுப் பார்த்தும் அதேதான்.

அவர் அனுப்பும் செய்தி இப்படி இருந்தால் ஓனருக்கு வேலை சுலபம்:

"வணக்கம் சார். முதல் மாடியிலிருந்து எழுதறேன். இன்னைக்குக் காலை 6.15-க்கு போர் மோட்டார் போட்டேன், ஓடல. ஆம்பியர் முள் மேலே போய் இறங்காம நிக்குது, பத்து செகண்ட்ல ட்ரிப் ஆயிடுது. வழக்கமா 7-ல நிக்கும். வோல்ட் 225 காட்டுது, கரண்ட் பிரச்சனை இல்ல. ரெண்டு தடவைதான் போட்டோம், இனிமே யாரும் தொட வேண்டாம்னு மத்த வீடுகள்லயும் சொல்லிட்டேன். நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிச்சு. மேல டேங்க்ல கால்வாசி தண்ணிதான் இருக்கு, மதியம் வரைக்கும்தான் தாங்கும். மூணு வீட்டுக்கும் வேற தண்ணி கிடையாது. இன்னைக்குக் காலையிலேயே எலக்ட்ரீஷியன் வந்து கண்டென்சர் பாக்கணும் சார். அதுல சரியாகலன்னா மோட்டார் தூக்கற ஆளுங்களையும் சொல்லி வைக்கணும். நீங்க ஆள் அனுப்பறீங்களா, இல்ல நாங்களே கூப்பிடட்டுமா? ஆயிரம் ரூபாய்க்குள்ள ஆனா நான் குடுத்துட்டு பில் அனுப்பறேன். அதுக்கு மேலன்னா உங்களைக் கேட்டுத்தான். பேனல் வீடியோ கீழ அனுப்பியிருக்கேன்."

செய்தியோடு பதினைந்து வினாடி வீடியோ. பச்சைப் பட்டனை அழுத்துவது, முள் ஏறி நிற்பது, அணைவது, மூன்றும் அதில் தெரிகிறது. இரண்டாவது முறை போட்டபோதே எடுத்துவிட்டதால் இதற்கென்று மூன்றாவது முறை போட வேண்டியிருக்கவில்லை. ஓனர் அதை அப்படியே தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு அனுப்பிவிடலாம். மெக்கானிக்கும் வண்டியில் ஏறும் முன்னரே சரியான கண்டென்சரைக் கையில் எடுத்துக்கொள்வார்.

செய்தியில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. தண்ணீர் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்று இருக்கிறது. 'அவசரம்' என்று பத்து முறை எழுதுவதைவிட இதற்குக் கனம் அதிகம். கணக்கும் எளிது. நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டி நூல் வைக்கும் அளவு. பதினொரு பேருக்கு ஏறக்குறைய 1,500 லிட்டர். தொட்டியில் இருப்பது 500 லிட்டர் என்றால், அதுவும் காலை நேரத்தில், மதியத்தைத் தாண்டுவது கடினம். திருச்சியில் இருப்பவருக்கு இது கண்ணுக்குத் தெரியாது, யாராவது சொன்னால்தான் தெரியும்.

பணத்தைப் பற்றிய வரிதான் ஓனரின் தயக்கத்தைப் பெரும்பாலும் கரைப்பது. வெளியூரில் இருக்கும் ஓனருக்கு இருக்கும் பயம், தன் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வந்து "மோட்டார் போச்சு, புதுசுதான்" என்று சொல்லிப் பெரிய தொகையை இழுத்துவிடுவார் என்பதுதான். ஒரு வரம்பைத் தானே முன்வந்து சொல்லும் குடியிருப்பவரிடம் அந்தப் பயம் குறைகிறது. அதே காரணத்தால், ஓனருக்குச் சொல்லாமல் ஆள் கூட்டி வந்து மோட்டாரைத் தூக்கிவிட்டுப் பிறகு பில்லை நீட்டுவது, நியாயமே இருந்தாலும் சண்டையில்தான் முடியும்.

இன்னொன்று, மூன்று வீடும் தனித்தனியாக எழுதக் கூடாது. கீழ்வீட்டுக்காரர் "நேத்தே சரியா வரல" என்பார், இரண்டாம் மாடிக்காரர் "இல்ல, ராத்திரி வந்துச்சே" என்பார். ஓனர் குழம்பிப்போய் "எல்லாரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிடுவார். ஒருவர் எழுதி, மற்ற இருவரும் அதே குழுவில் 'ஆமாம்' என்று சொன்னால் போதும்.

அன்று மாலை வரை

இந்த வீட்டில் என்ன நடக்கும்? ஒன்பது மணிக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார். மெயினை அணைத்துப் பெட்டியைத் திறக்கிறார். ஓடும்போது தொடர்ந்து வேலை செய்யும் கண்டென்சரின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறது. இதைப் பார்த்ததும் எல்லார் முகத்திலும் தெளிச்சி வரும். புதியதை மாட்டிப் போடுகிறார். முள் மறுபடி மேலேயே நிற்கிறது. இப்போது அவர் போருக்குப் போகும் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, மெகர் என்ற கருவியை வைத்துப் பார்க்கிறார். காயிலுக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவே மின்சாரம் கசியக் கூடாது. இங்கே கசிகிறது. "காயில் போயிடுச்சு சார், தூக்கித்தான் ஆகணும்" என்று ஓனரிடம் போனிலேயே சொல்கிறார்.

இந்த இடத்தில் குடியிருப்பவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கழற்றிய பழைய கண்டென்சரையும் மெகர் காட்டியதையும் படம் எடுத்து ஓனருக்கு அனுப்ப வேண்டும். கண்டென்சர் மாற்றியும் ஏன் சரியாகவில்லை என்ற கேள்வி பின்னால் கட்டாயம் வரும். பலமிழந்த கண்டென்சரோடு பல நாள் திணறி ஓடியதால் காயில் எரிந்திருக்கலாம் என்று மெக்கானிக் சொன்னால், அதையும் சேர்த்தே எழுதிவிடலாம்.

மோட்டார் தூக்கும் ஆட்கள் மதியம் மூன்று மணிக்கு வருகிறார்கள். காலையிலேயே சொல்லி வைத்ததன் பலன் இது. கருப்பு எச்.டி.பி.இ. குழாயாக இருந்தால் கயிற்றோடு சேர்த்து ஆட்களே இழுத்துத் தெருவோரம் வளைத்துப் போடுவார்கள், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பழைய இரும்புக் குழாயாக இருந்தால் முக்காலி நட்டு, ஒவ்வொரு குழாயாகக் கிளாம்ப் போட்டுக் கழற்ற வேண்டும், அரை நாள் பிடிக்கும். கயிறு உளுத்துப்போயோ குழாய் துருப்பிடித்தோ நடுவழியில் அறுந்து மோட்டார் உள்ளே விழுந்துவிட்டால் கதையே வேறு. சில வேளை மோட்டாரையே கைகழுவ வேண்டியிருக்கும். "தூக்கும்போது விழுந்தா யார் பொறுப்பு?" என்பதை வேலை தொடங்கும் முன் ஓனரும் அந்த ஆட்களும் போனில் பேசிக்கொள்ளட்டும். நடுவில் குடியிருப்பவர் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வெளியே வந்த மோட்டாரைக் கழற்றினால் காயில் கருகிய வாடை தெருவுக்கே வரும். இப்போது முடிவு ஓனருடையது. காயில் கட்டினால் சில ஆயிரம் ரூபாய், ஒன்றிரண்டு நாள். புதிய மோட்டார் என்றால் செலவு அதைப்போலப் பல மடங்கு, ஆனால் கடையில் இருந்தால் அன்றைக்கே இறக்கிவிடலாம். மோட்டாரின் வயது, முன்பு எத்தனை முறை காயில் கட்டியது, உள்ளே பம்பின் தேய்மானம் எப்படி என்பதையெல்லாம் மெக்கானிக்கிடமே ஓனர் நேரடியாகக் கேட்பதுதான் முறை. ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைக்கலாம்: எரிந்த காயிலின் செம்புக் கம்பி. அதற்குப் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. அது கூலியில் கழிகிறதா இல்லையா என்று முதலிலேயே பேசிக்கொண்டால் பில்லில் மனக்கசப்பு வராது.

காயில் கட்டும் இரண்டு நாளுக்குத் தண்ணீர்? இதைத்தான் முதல் செய்தியிலோ, மதியம் இரண்டாவது செய்தியிலோ ஓனரிடம் தனியாகக் கேட்க வேண்டும்: "மோட்டார் வர்ற வரைக்கும் லாரித் தண்ணி ஏற்பாடு செய்யலாமா சார்? அந்தச் செலவு எப்படி?" சென்னைக் குடிநீர் வாரியத்திடம் பணம் கட்டி லாரி பதிவு செய்யலாம். ஆனால் இந்த வீட்டில் சம்ப் இல்லை. கீழே கொட்டிவிட்டுப் போகும் லாரியால் பயன் கிடையாது. தன் லாரியிலேயே மோட்டார் வைத்து, நீளக் குழாயால் மாடித் தொட்டிக்கு ஏற்றித் தரும் தனியார் லாரிதான் வேண்டும். லாரிக்காரரிடம் பேசும்போது "மேல் டேங்குக்கு ஏத்தணும், ரெண்டு மாடி" என்பதை முதலில் சொல்லாவிட்டால் அவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

லாரிச் செலவு யாருடையது என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விதி கிடையாது. பல ஓனர்கள் பாதி ஏற்கிறார்கள். சிலர் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எது ஆனாலும் போனில் பேசி முடித்த பிறகு, "பேசினபடி லாரிக்கு ஆகறதுல பாதி அடுத்த மாச வாடகைல கழிச்சுக்கறோம் சார், நன்றி" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட வேண்டும். அதற்கு வரும் ஒரு 'ஓகே' பிறகு உதவும்.

ஓனர் பதிலே தரவில்லை என்றால்

சில ஓனர்கள் செய்தியைப் பார்த்துவிட்டு மௌனமாக இருப்பார்கள். சிலர் "போன வருஷம்தான் பார்த்தேன், நீங்கதான் ஒழுங்கா போடல, நீங்களே பார்த்துக்கோங்க" என்பார்கள். இங்கேதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருப்பது பயன்படும்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் இணைப்புப் பட்டியல் ஒன்று பழுதுபார்ப்பை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுக்கிறது. குழாய்களை மாற்றுவது, வீட்டின் மின் வயரிங் போன்ற பெரிய வேலைகள் ஓனருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் போன்ற அன்றாடச் சில்லறை வேலைகள் குடியிருப்பவருக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போர் மோட்டார் என்று பெயர் சொல்லி அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. மின் சாதனங்களைப் பழுதுபார்ப்பது குடியிருப்பவர் பக்கத்தில் வருவதால், "மோட்டாரும் மின் சாதனம்தானே" என்று ஓனர் வாதிட இடம் உண்டு. மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக, கட்டடத்தோடு சேர்த்துப் பதிக்கப்பட்ட பம்பு அது, ஒரு வீட்டாரின் சாதனம் ஆகாது என்பது குடியிருப்பவரின் பதில். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இந்த வாதத்துக்கே வேலையில்லை.

அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. இதையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். மோட்டார் தானாக எரிந்துபோனது 'நிறுத்தி வைப்பது' ஆகிவிடாது. காலையில் எரிந்த மோட்டாருக்கு மாலையில் பிரிவு எண்ணைச் சொல்லி மிரட்டினால், உதவ வந்த ஓனரும் ஒதுங்கிக்கொள்வார். ஆனால் எழுத்தில் சொல்லியும், நினைவூட்டியும், நாள் கணக்கில் ஓனர் அசையாமல் இருந்தால், அல்லது பழுதைக் காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொன்னால், அப்போது நிலைமை வேறு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் வாடகை அதிகாரியாக இருக்கிறார். மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று அவர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அந்த மனுவோடு இணைக்கத் தேவைப்படுவது எல்லாம் முதல் நாள் செய்தியிலேயே இருக்கிறது: எந்த நாள், எத்தனை மணி, என்ன கோளாறு, எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு மீதம், என்ன கேட்கப்பட்டது. போனில் மட்டும் பேசியவருக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது நாளும் பதில் வராதபோது அனுப்பும் செய்தி சிறியதாக இருந்தால் போதும்: "நேத்துக் காலை 7 மணிக்கு அனுப்பின செய்திக்குப் பதில் வரல சார். இன்னும் மோட்டார் சரியாகல. மூணு வீட்லயும் தண்ணி இல்ல. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஆள் அனுப்பறதா இல்ல நாங்களே செய்யட்டுமான்னு சொல்லுங்க." பழுதுபார்க்க ஓனர் மறுத்தால் குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழிக்கும் வழியையும் சட்டம் வைத்திருக்கிறது. அதை எடுக்கும் முன் இந்தச் செய்திகள், இரண்டு இடத்து மதிப்பீடு, கடை முத்திரையுள்ள பில் மூன்றும் கையில் இருக்க வேண்டும். வாடகையை மொத்தமாக நிறுத்திவிடுவது மட்டும் கூடாது. அது வாடகை பாக்கி என்ற வேறு வழக்கைக் குடியிருப்பவர் தலையில் கட்டிவிடும்.

மோட்டார் திரும்பி இறங்கிய பிறகு

காயில் கட்டிய மோட்டார் மூன்றாம் நாள் காலையில் போருக்குள் இறங்குகிறது. முதல் பத்து நிமிடம் கலங்கிய தண்ணீர் வருவது இயல்பு. அதை மாடித் தொட்டிக்கு விடாமல் வெளியே விடச் சொல்ல வேண்டும். பிறகு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஆம்பியர், வோல்ட் இரண்டையும் பேனலிலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடலாம். தேதியும் மெக்கானிக்கின் போன் எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும். எத்தனை அடியில் மோட்டார் தொங்குகிறது, போரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்ற இரண்டு எண்களும் அந்த ஆட்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கிளம்பும் முன் கேட்டுக்கொண்டால் அடுத்த கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது இன்னும் எத்தனை அடி குழாய் சேர்க்க இடம் இருக்கிறது என்று ஓனரால் முடிவு செய்ய முடியும்.

ஓனருக்கு அனுப்பும் கடைசிச் செய்தியில் பில்லின் படம், வாரண்டி எத்தனை மாதம், முள் நிற்கும் இடம் மூன்றும் போக வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் சமயமாக இருந்தால், "போர் மோட்டார், ஸ்டார்ட்டர், போர் குழாய் ஆகியவற்றின் பழுது உரிமையாளர் பொறுப்பு, தகவல் தந்த 24 மணி நேரத்தில் ஆள் அனுப்பப்படும், தண்ணீர் தடைப்படும் நாட்களில் லாரிச் செலவு இருவரும் சமமாக ஏற்பார்கள்" என்று ஒரு பத்தி சேர்க்கக் கேட்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்வதைத்தான் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் எதிர்பார்க்கிறது. இந்தப் பத்தியைப் போட மறுக்கும் ஓனர் குறைவு. மணிக்கணக்கைப் பற்றி மட்டும் சிலர் பேரம் பேசுவார்கள். 24 என்பதை 48 ஆக்கச் சொன்னால், லாரிச் செலவு முதல் நாளிலிருந்தே ஓனருடையது என்று கேட்டுப் பார்க்கலாம்.